கடைசி நிலைக்கும் புளூம் ஃபில்டர் வேண்டுமா? ராக்ஸ்டிபி அமைப்புகள் குறித்த ஓர் ஒப்பீடு

ராக்ஸ்டிபி போன்ற எல்எஸ்எம் வகைச் சேமிப்பு எஞ்சின்களில் ஒரு சாவியைத் தேடும்போது, அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியாது. புதிதாக எழுதப்பட்டவை L0 நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன; பின்னர் அவை L1, L2 என்று, ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு பெரிதாக உள்ள நிலைகளுக்குள் இறக்கப்படுகின்றன. ஒவ்வொரு கோப்புடனும் அதிலுள்ள சாவிகளுக்கான புளூம் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்து எழுதச் செய்யலாம். அது “இல்லை” என்றால் அந்தச் சாவி அக்கோப்பில் நிச்சயமாக இல்லை. “இருக்கலாம்” என்றால் மட்டுமே வட்டிலிருந்து தரவுத் தொகுதியைப் படிக்க வேண்டும். பர்ட்டன் புளூம் 1970-இல் முன்வைத்த இந்த ஏற்பாடு, சாவிக்கு 10 பிட் ஒதுக்கினால், இல்லாத சாவிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்கு மட்டுமே “இருக்கலாம்” என்று தவறாகச் சொல்லும்.

எல்லா நிலைகளுக்கும் ஒரே அளவில் ஃபில்டர் வைப்பது, கடைசி நிலைக்கு மட்டும் வைக்காமல் விடுவது ஆகிய இரண்டும்தான் நடைமுறையில் முதன்மையான போட்டியாளர்கள். நூறு கோடி சாவிகள், ஒவ்வொரு பதிவும் சுமார் 100 பைட், ஆக ஏறக்குறைய 100 ஜிபி தரவு என்று வைத்துக்கொள்வோம். L0-இல் நான்கு கோப்புகளும், அதற்குக் கீழே L1 முதல் L4 வரை நான்கு நிலைகளும் உள்ளன. ஃபில்டர் அறவே இல்லையென்றால், இல்லாத ஒரு சாவியைத் தேடுவதற்கு எட்டு இடங்களில் தரவுத் தொகுதியைப் படிக்க நேரலாம். எல்லா நிலைகளிலும் 10 பிட் ஃபில்டர் வைத்தால், அத்தகைய நூறு தேடல்களுக்கு மொத்தம் எட்டு வீண் வாசிப்புகளே மிஞ்சும். இதற்கு ஆகும் நினைவகம் 1.25 ஜிபி.

அந்த 1.25 ஜிபியில் ஏறத்தாழ 1.125 ஜிபியைக் கடைசி நிலையே எடுத்துக்கொள்கிறது, ஏனெனில் சாவிகளில் 90 விழுக்காடு அங்குதான் உள்ளன. அவ்வளவு நினைவகத்தை விழுங்கும் ஃபில்டர் யாருக்கு உதவுகிறது என்று பார்க்க வேண்டும். சாவி L4-இல் உண்மையிலேயே இருந்தால் ஃபில்டர் “இருக்கலாம்” என்றுதான் சொல்லும். தரவுத் தொகுதியை எப்படியும் படித்தே ஆக வேண்டும். சாவி மேல்நிலை ஒன்றிலேயே கிடைத்துவிட்டால் தேடல் L4 வரை வருவதே இல்லை. ஆகவே கடைசி நிலை ஃபில்டர், எங்குமே இல்லாத சாவிகளைத் தேடும்போது மட்டுமே வாசிப்பை மிச்சப்படுத்துகிறது.

இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டதுதான் பின்வரும் அமைப்பு:

```
options.optimize_filters_for_hits = true;
```

இதை இயக்கினால் கடைசி நிலைக்கு ஃபில்டர் உருவாக்கப்படாது. நம் எடுத்துக்காட்டில் ஃபில்டர் நினைவகம் 125 எம்பி அளவுக்குச் சுருங்கிவிடும். L4-இல் இருக்கும் சாவியைத் தேடும் செலவு முன்பைப் போலவே சராசரியாக 1.07 வாசிப்பு. இல்லாத சாவிக்கோ 0.08 வாசிப்பாக இருந்தது 1.07 ஆக உயர்கிறது. விடுவித்த 1.125 ஜிபியைத் தொகுதித் தற்காலிக நினைவகத்துக்குக் கொடுத்தால் அது மொத்தத் தரவில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். தேடல்கள் சாவிகள் எல்லாவற்றின் மீதும் சீராகப் பரவியிருந்தால் அதனால் கிடைக்கும் லாபமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்நிலையில் தேடல்களில் ஒன்றிரண்டு விழுக்காடு இல்லாத சாவிகளாக இருந்தாலே இந்த அமைப்பு நட்டத்தில் முடியும். சில சாவிகளே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இடத்தில் அதே 1.125 ஜிபி மிகப் பல வாசிப்புகளைத் தவிர்க்கும். பயனர் பெயர் ஏற்கெனவே உள்ளதா என்று பார்ப்பதும், வந்த பதிவு இரட்டிப்பா என்று சோதிப்பதும் பெரும்பாலும் இல்லாத சாவிகளையே தேடுபவை. அத்தகைய பயன்பாட்டில் இந்த அமைப்பைத் தொடக்கூடாது என்பதே என் கருத்து. சாவி கிடைத்துவிடும் தேடல்களைக் குறிக்கும் ‘hits’ என்ற சொல் அமைப்பின் பெயரிலேயே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. எல்லா நிலைகளுக்கும் ஒரே 10 பிட் என்பதே சரியான பங்கீடு அல்ல என்று ஹார்வர்டைச் சேர்ந்த நிவ் டயான், மனோஸ் அதானசூலிஸ், ஸ்ட்ராடோஸ் இட்ரெயோஸ் ஆகியோர் 2017-இல் ‘மங்கி’ என்ற ஆய்வில் காட்டினர். மேல்நிலைகளில் சாவிகள் குறைவு என்பதால் அங்கே பிட்டுகளைத் தாராளமாகக் கொடுப்பது மலிவு. நம் எடுத்துக்காட்டில் கடைசி நிலைக்கு 9 பிட், மேலுள்ள பத்துக் கோடிச் சாவிகளுக்கு 15 பிட் என்று மாற்றினால், மொத்த நினைவகம் 1.2 ஜிபி, அதாவது முன்பைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் மேலுள்ள ஏழு இடங்களில் பிழை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைவதால், நூறு தேடல்களுக்கு எட்டாக இருந்த வீண் வாசிப்பு சுமார் இரண்டுக்கு வந்துவிடுகிறது. இதற்கென ராக்ஸ்டிபியில் ஒற்றைவரி அமைப்பு இல்லை. நிலைக்கேற்ற பிட் அளவைத் தரும் `FilterPolicy` வகுப்பை நாமே எழுத வேண்டும். தவிர, ஒரு கோப்பு திருத்தி எழுதப்படாமலேயே கீழ்நிலைக்கு நகர்த்தப்படும்போது பழைய ஃபில்டரோடுதான் செல்லும் என்பதால், பங்கீடு கணக்கிட்டபடியே துல்லியமாக அமைந்துவிடாது.

2020-இல் 6.15 பதிப்பில் வந்த ரிப்பன் ஃபில்டர் வேறு திசையில் மிச்சம் பிடிக்கிறது. அதே பிழை விகிதத்துக்குப் புளூமைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவான இடமே அதற்குப் போதும். ஆனால் அதை உருவாக்க மூன்று நான்கு மடங்கு செயலி நேரம் ஆகும். விரைவில் கரைந்துபோகும் L0 கோப்புகளுக்கு அந்தச் செலவு தேவையற்றது. நெடுநாள் நிற்கும் கடைசி நிலைக் கோப்புகளுக்கு அது தகும்.

மேற்கண்ட கணக்குகள் எல்லாம் ஃபில்டர் எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும் என்ற அனுமானத்தைச் சார்ந்தவை. `cache_index_and_filter_blocks` இயக்கத்தில் இருந்தால் ஃபில்டரும் தரவுத் தொகுதிகளோடு இடத்துக்குப் போட்டியிடும். இடம் போதாதபோது வெளியேற்றப்படும். 64 எம்பி கோப்பில் சுமார் 6.7 லட்சம் சாவிகள் இருந்தால் அதன் ஃபில்டர் 800 கேபியைத் தாண்டும். 4 கேபி தொகுதியைப் படிப்பதைத் தவிர்க்க 800 கேபியைப் படிப்பது, சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதைதான். அந்நிலையில் `partition_filters` வழியாக ஃபில்டரைச் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்தால், தேவையான துண்டு மட்டுமே ஏற்றப்படும். அதற்கு `index_type` என்பதையும் `kTwoLevelIndexSearch` என்று மாற்ற வேண்டும்.

எது தமக்குப் பொருந்தும் என்பதை அளந்து பார்க்க ராக்ஸ்டிபியின் எண்ணிகளே போதும். `rocksdb.bloom.filter.useful` என்பது ஃபில்டர் தவிர்த்த வாசிப்புகள். `rocksdb.bloom.filter.full.positive` என்பது தவிர்க்காதவை. `rocksdb.bloom.filter.full.true.positive` என்பது அவற்றுள் சாவி உண்மையிலேயே இருந்தவை. பின்னிரண்டின் வேறுபாடுதான் வீண் வாசிப்பு. அதை, அதனுடன் `useful` எண்ணிக்கையையும் கூட்டிய தொகையால் வகுத்தால் உண்மையான பிழை விகிதம் கிடைக்கும். 10 பிட் வைத்தும் அது ஒரு விழுக்காட்டை வெகுவாகத் தாண்டினால் பிட் அளவு எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று பொருள். விகிதம் சரியாக இருந்தும் `rocksdb.block.cache.filter.miss` தொடர்ந்து ஏறினால், ஃபில்டர்களே வட்டிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கப்படுகின்றன. பிட் அளவை மாற்றிய உடனே இந்த எண்கள் மாறிவிடா. கோப்புகளை ஒன்றிணைத்துக் கீழ்நிலைக்கு இறக்கும் கம்பாக்ஷன் நடந்து பழைய கோப்புகள் புதிதாக எழுதப்பட்ட பிறகே மாற்றம் தெரியும்.