தாலிக்கு முன்பா, பின்பா: கடனைச் சொல்ல எது நேரம்?

மாதம் 4,200 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, ஆண்டுக்கு 26 விழுக்காட்டு வட்டியில் 18,000 வெள்ளி கடன்பற்று அட்டைக் கடன் இருப்பதாகக் கொள்வோம். முதல் மாத வட்டி மட்டுமே 390 வெள்ளி.

திருமணத்துக்குப் பின் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணுபவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது: சிங்கப்பூரில் ஒருவர் தனியாக வாங்கிய கடன், மணம் முடிப்பதால் மட்டும் துணைவரின் பொறுப்பாகிவிடாது. ஆனால் வீடு வாங்க வங்கியை நாடும்போது, இருவரின் கடன் அறிக்கைகளும் பார்க்கப்படும். மாதக் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தின் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வீவக வீட்டுக்கான தவணை மட்டும் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கடன் அந்த வரம்புகளை முட்டாமல் போகலாம். ஆனால் தவணை தவறிய பதிவு இருந்தால் பேச்சு வேறு. அப்போது மனைவி கேட்பது தொகையைப் பற்றியதாக இருக்காது, மறைத்ததைப் பற்றியதாக இருக்கும்.

முன்பே சொல்வதென்றால் வாய்வார்த்தை போதாது. கிரெடிட் பீரோ சிங்கப்பூர் அறிக்கையை இருவரும் எடுத்து மாற்றிக்கொள்வது நல்லது. உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் வாங்கியதற்குத் தனி அறிக்கை உண்டு, அதையும் கேளுங்கள். மாமாவிடம் வாங்கியதும் சீட்டுக் கட்டுவதும் எந்த அறிக்கையிலும் வராது என்பதால், அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் இதைச் செய்வது என் கட்சி. பத்திரிகை அடித்த பிறகு யாருக்கும் நிதானமாகக் கேட்கும் துணிவு வருவதில்லை.

இனி அடைப்பது. அவரால் தனியாக மாதம் 600 வெள்ளிதான் ஒதுக்க முடியும் என்றால், முடிய 49 மாதங்கள் ஆகும்; வட்டி ஏறத்தாழ 11,400 வெள்ளி. வீட்டுச் செலவில் அவருடைய பங்கில் 400 வெள்ளியை அவள் ஏற்று, அவர் 1,000 கட்டினால், 23 மாதங்களில் ஏறத்தாழ முடிந்துவிடும், வட்டியும் 5,000 அளவில் நிற்கும். மாறாக, அவள் பெயரில் 7 விழுக்காட்டுக்குத் தனிநபர் கடன் வாங்கி அட்டையை அடைத்தால், அதே 1,000 வெள்ளித் தவணையில் வட்டி 1,100க்குள் அடங்கும். கணக்கில் இதுவே மலிவு, ஆனால் அந்தக் கையெழுத்தோடு கடன் அவளுடையதாகிவிடுகிறது. பிரிந்தாலும் வங்கி அவளிடம்தான் வரும். அட்டையை ரத்து செய்யாவிட்டால் இரண்டு கடன்களும் சேர்ந்து நிற்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே, குறைந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி அவரே தம் வங்கியிடம் கேட்பது முதல் படி. பல வங்கிக் கடன்களை ஒன்றாக்கும் திட்டம் இவருக்குப் பொருந்தாது. பிணையில்லாக் கடன் மாதச் சம்பளத்தின் 12 மடங்கைத் தாண்டினால்தான் அது கிடைக்கும். வங்கி மறுத்தால், 400 வெள்ளி ஏற்பாட்டையே நான் தேர்வேன். அப்படி 23 மாதங்களில் அவள் ஏற்கும் 9,200 வெள்ளி அன்பளிப்பா, பிறகு நேர்செய்ய வேண்டியதா என்பதை முதல் மாதமே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம்.