சேலைக்கடைப் படங்கள்: ஏஐ உருவாக்கமா, புகைப்படக்காரரா?

காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய சேலைக்கடையை எண்ணிக்கொள்வோம். உள்ளூர் வியாபாரம் பாதியும், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக வெளியூர் வியாபாரம் பாதியுமாக நடக்கிறது. கடையில் 60 பட்டுச் சேலைகள் இருக்கின்றன. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. அவை தவிர நான்கு வடிவங்களில், வடிவத்துக்கு 40 வீதம் பருத்திச் சேலைகளும், ஓர் அலமாரி நிறையப் பித்தளை விளக்குகளும், சீர்வரிசைக்காக வாங்குவோருக்கென முறுக்கு, அதிரசப் பொட்டலங்களும் உண்டு. படங்களை ஏஐ செயலியில் உருவாக்கிக்கொள்வதா, புகைப்படக்காரரை அழைப்பதா என்பது கடைக்காரருக்கு ஒரே கேள்வியாகத் தோன்றும். உண்மையில் இந்த நான்கு சரக்குகளுக்கும் நான்கு வெவ்வேறு விடைகள் இருக்கின்றன.

முதலில் பட்டு; சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பட்டுச் சேலையை நேரில் தொட்டுப் பார்க்க முடியாதவர், நிறம், கரையின் அகலம், ஜரிகையின் அடர்த்தி, முந்தானையின் வேலைப்பாடு ஆகிய நான்கையும் படத்தை மட்டுமே நம்பித் தீர்மானிக்கிறார். ஏஐ செயலிக்குச் சேலையின் படத்தைக் கொடுத்து, ‘இதை ஒரு பெண் உடுத்தியிருப்பதுபோல் காட்டு’ என்றால், அது சேலையை வெட்டி ஒட்டுவதில்லை. பார்த்ததை வைத்துச் சேலையை முதலிலிருந்து வரைகிறது. அப்படி வரையும்போது எங்கே தவறுகிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு கண் தானாகவே அங்கே போகும். கோர்வை நெசவில் உடலும் கரையும் தனித்தனி ஊடை இழைகளால் நெய்யப்பட்டுப் பின்னிக்கொள்ளும் இடத்தில் மெல்லிய பல்வரிசை போன்ற கோடு தெரியும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். உருவாக்கப்பட்ட படத்திலோ அது அச்சடித்ததுபோல் நேர்க்கோடாகிவிடும். இடுப்பருகே நான்கு விரல் அகலமாக இருக்கும் கரை, தோளில் ஆறு விரலாக விரியும். உடலில் வரிசை மாற்றி இடப்பட்ட புட்டாக்கள் மடிப்புக்குள் போய் வெளியே வரும்போது இடைவெளி மாறியிருக்கும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த மயில் கழுத்து நிறச் சேலை, பார்க்கும் கோணத்துக்கேற்பப் பச்சையும் நீலமும் காட்டும். செயலி பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

இவை அழகுக் குறைகள் அல்ல. உருவாக்கப்பட்ட படம் பெரும்பாலும் அசலைவிட அழகாகவே இருக்கும். ஆபத்தும் அந்த அழகில்தான் இருக்கிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை; ஒவ்வொருவரும் தங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். புகைப்படக்காரருக்கு நாளொன்றுக்கு 8,000 ரூபாய் என்றும், உடுத்திக் காட்டாமல் விரித்து வைத்து எடுத்தால் ஒரு நாளில் 30 சேலைகள் முடியும் என்றும் கொண்டால், 60 சேலைகளுக்கு 16,000 ரூபாயாகும். விரிக்கவும் மடிக்கவும் ஓர் ஆளுக்கு 2,000 சேர்த்தால் மொத்தம் 18,000, அதாவது சேலைக்கு 300 ரூபாய். ஏஐ செயலிக்கு மாதச் சந்தா 1,500 ரூபாயும், சேலைக்கு 20 நிமிடம் வீதம் உட்கார்ந்து உருவாக்கிச் சரிபார்க்கும் ஊழியரின் 20 மணி நேரத்துக்கு 2,000 ரூபாயும் ஆகும் எனில் மொத்தம் 3,500. இரண்டுக்கும் இடையே 14,500 ரூபாய் வித்தியாசம். இந்த இடத்தில் பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

‘படத்தில் பார்த்தது வேறு’ என்று 12,000 ரூபாய்ச் சேலை ஒன்று திரும்பி வருகிறது என்று கொள்வோம். போகவும் வரவும் கூரியர் 300, மீண்டும் மெருகேற்றி மடிக்க 200, ஒருமுறை விரித்துக் கசங்கிய சேலையைப் பத்து விழுக்காடு குறைத்து விற்பதில் 1,200 என மொத்தம் 1,700 ரூபாய் போகிறது. அறுபதில் கூடுதலாக ஒன்பது சேலைகள் திரும்பினாலே மிச்சம் பிடித்த 14,500 ரூபாயும் கரைந்துவிடும். திரும்ப வாங்கமாட்டோம் என்று பலகை மாட்டித் தப்பிக்கவும் வழியில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020, விளம்பரத்தில் காட்டிய தன்மைகளுடன் பொருந்தாத பொருளை விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. படம் ஏஐ வரைந்தது என்பது இங்கே சாக்காகாது. வாங்குபவர் கையில் அந்தப் படத்தின் நகல் இருக்கும்.

எனவே பட்டுக்குப் புகைப்படக்காரரே என்று முடிக்கத் தோன்றும். ஆனால் கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. ஒற்றைச் சரக்கான பட்டுச் சேலைக்கு எடுத்த படம், அது விற்றதும் பயனற்றுப்போகிறது. 300 ரூபாயும் ஒரே சேலையின் தலையில் விழுகிறது. பருத்திச் சேலையிலோ நான்கு வடிவங்களையும் அரைநாளில், 4,000 ரூபாயில் எடுத்துவிட்டால் 160 சேலைகளுக்கு அந்தப் படங்களே போதும். ஒன்றுக்கு 25 ரூபாய்தான் ஆகிறது. சுருங்கச் சொன்னால், நேர்மையான படம் மிகவும் தேவைப்படும் சரக்கில்தான் புகைப்படக்காரர் செலவு அதிகம். ஏஐ பக்கம் கடைக்காரரை இழுப்பதும் இந்த முரண்தான்.

இதற்கு நான் சொல்லும் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புகைப்படக்காரரை ஒரே ஒரு நாள் அழைத்து, 60 சேலைகளையும் எடுக்கச் சொல்லாமல், கடையில் நிரந்தரமாக ஒரு படமெடுக்கும் மூலையை அமைத்துத் தரச் சொல்ல வேண்டும். வடக்குப் பார்த்த சன்னல் இருந்தால் நல்லது, ஏனென்றால் நேர் வெயில் அதில் குறைவாகவே விழும். படமெடுக்கும்போது கடையின் குழல்விளக்குகளை அணைத்துவிட வேண்டும். சன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் சேலையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாகத் தெரியும், அதைப் பிறகு எந்தச் செயலியாலும் சரியாகத் திருத்த முடியாது. ஒவ்வொரு அமர்விலும் முதல் படம் சாம்பல் நிற அட்டையுடையதாக இருந்து, நிறச் சமநிலை அதை வைத்துப் பூட்டப்பட வேண்டும். அரக்கும் அடர் சிவப்பும் கைப்பேசிப் படத்தில் எளிதில் பொங்கி, நெசவு தெரியாத ஒரே திட்டாகிவிடும் என்பதால், அவற்றுக்கு வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுக்க வேண்டும். ஜரிகை வெளுத்துப் போகாமல் இருக்கவும் அது உதவும். இந்த மூலையில் ஊழியர் ஒருவர் சேலைக்குப் பத்து நிமிடம் செலவிட்டு, முழுத் தோற்றம், கரையும் உடலும் சேரும் இடம், முந்தானை, பின்பக்க நெசவு என்று நான்கு படங்கள் எடுத்தால், 60 சேலைகளுக்குப் பத்து மணி நேரம், 1,000 ரூபாய் ஆகும். அமைத்துத் தந்தவருக்கு 8,000 ரூபாய் கொடுத்தாலும் மொத்தம் 9,000. அடுத்த 60 சேலைகளுக்கு வெறும் 1,000. அந்தப் படங்கள் பத்திரிகை அட்டைபோல் இருக்காது. ஆனால் சேலையைப் பிரித்துப் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

ஏஐ செயலிக்கு இதில் இடமே இல்லையா என்றால், பின்னணியில் உண்டு. எடுத்த படத்திலிருந்து சேலையை மட்டும் வெட்டியெடுத்துத் தனி அடுக்காக வைத்து, அதன் பின்னால் கோயில் மண்டபத்தையோ திண்ணையையோ உருவாக்கிப் போடலாம். சேலையின் ஒரு புள்ளியும் மாறாது. முழுப் படத்தையும் செயலியிடம் கொடுத்துப் பின்னணியை மாற்றச் சொன்னால் அது சேலையையும் சேர்த்து மறுபடி வரையக்கூடும். இரண்டில் எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க, மூலப் படத்தையும் முடிந்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முழு அளவில் பெரிதாக்கி, மேல் அடுக்கை மறைத்தும் காட்டியும் பார்த்தால் போதும். கரையில் ஏதேனும் அசைந்தால் செயலி கைவைத்திருக்கிறது. கூகுளின் வணிகர் பட்டியலில் போடுவதானால் இன்னொரு நிபந்தனை உண்டு: ஏஐ கொண்டு உருவாக்கிய படம் என்பதைக் குறிக்கும் `TrainedAlgorithmicMedia` என்ற மறைதகவல் கோப்பிலிருந்து அழிக்கப்படக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி மீண்டும் இறக்கிக்கொள்ளும் படங்களில் இத்தகைய தகவல் உதிர்ந்துபோவது வழக்கம் என்பதால், மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

பருத்திச் சேலைக்குப் புகைப்படக்காரர்தான் என்பதை மேலே உள்ள 25 ரூபாய்க் கணக்கே சொல்லிவிட்டது. அதையே உடுத்திக் காட்ட ஒரு பெண்ணை அமர்த்தினாலும், செலவைப் பகிர 160 சேலைகள் இருப்பதால் தாங்கும். எழுதிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆனால் புகைப்படக்காரர் நீட்டும் ரசீதில் வேறு நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். உடுத்திக் காட்டும் பெண்ணிடமும், எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவோம் என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

பித்தளை விளக்கில் முடிவு இன்னும் எளிது. பளபளப்பான வளைவில் கடையும் கைப்பேசியும் எடுப்பவரின் சட்டையும் பிரதிபலிக்கும். வெள்ளைத் துணியால் சுற்றிலும் மறைத்து வெளிச்சத்தைப் பரப்பத் தெரிந்தவருக்கே அது வசப்படும். செயலி இந்தப் பிரதிபலிப்பை அழகாகத் துடைத்துவிட்டு, கூடவே ஐந்து முகத்தை ஆறாக்கிவிடும். வடிவம் மாறாத சரக்கு, ஆண்டுக்கணக்கில் விற்பது. ஆகவே ஒருமுறை நல்ல கையால் எடுத்துவிடலாம். உயரத்தையும் எடையையும் படத்தின் கீழே எழுதாவிட்டால், எந்த வழியில் எடுத்த படமாக இருந்தாலும் அரையடி விளக்கு இரண்டடியாகத் தெரியும்.

தின்பண்டப் பொட்டலத்தை மட்டும் செயலியிடம் கொடுக்கவே கூடாது என்பேன். உருவாக்கப்பட்ட படங்களில் சிறிய எழுத்துகள் சிதைவது வாடிக்கை. பொட்டலத்தின் மேல் இருப்பதோ உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், நிகர எடையும், அதிகபட்ச விலையும், சைவக் குறியும். ஒரு இலக்கம் மாறினால் அது வேறொருவரின் உரிம எண்ணாகக்கூட இருக்கலாம். பொட்டலத்தை நேராக நிறுத்தி, முன்பக்கமும் பின்பக்கமும் கைப்பேசியில் எடுத்தால் வேலை முடிந்தது. இதற்குப் புகைப்படக்காரரும் வேண்டாம். பொட்டலம் இல்லாமல், தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லும் பதாகையில் தட்டு நிறைய முறுக்கும் அகல் விளக்கும் வேண்டுமென்றால் ஏஐ தாராளமாக வரையட்டும்; அந்தப் பதாகையில் விலையும் ‘இப்போதே வாங்க’ என்ற பொத்தானும் சேராதவரை அதனால் கெடுதி இல்லை.