விமானத்தில் ஒன்று, ரயிலில் இன்னொன்று: வாட்ச்சில் எந்த மோடை எப்போது போடுவது?

ஃப்ளைட் மோடும் பவர் சேவிங் மோடும் பேட்டரியைக் காப்பாற்றும் இரண்டு வழிகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் அணைப்பது வேறு வேறு பகுதிகளை. ஃப்ளைட் மோட் ரேடியோவை நிறுத்துகிறது, உடலை அளக்கும் சென்சார்களைத் தொடுவதில்லை. பவர் சேவிங் பெரும்பாலும் திரையிலும் பின்னணி அளவீட்டிலும் கை வைக்கிறது. ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 10-ஐ வைத்தே பார்ப்போம். சாதாரணமாக 18 மணி நேரம், Low Power Mode-இல் 36 மணி நேரம் வரை என்பது நிறுவனம் தரும் கணக்கு.

முதலில் விமானம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் என்றால் பத்து, பதினொரு மணி நேரம். விமான நிலையத்தில் காத்திருப்பதையும், இறங்கியபின் குடியேற்ற வரிசையையும் சேர்த்தால் பதினைந்தைத் தொடும். வீட்டில் முழு சார்ஜ் போட்டுக் கிளம்பினால் 18 மணி நேரக் கணக்குக்குள் அடங்கிவிடும். ஆகவே இங்கே ஃப்ளைட் மோட் போதும், சேமிப்பு மோட் தேவையில்லை.

சிம் வசதியுள்ள வாட்ச்சாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போன் பக்கத்தில் ப்ளூடூத்தில் இணைந்திருக்கும்வரை வாட்ச் தன் சொந்த நெட்வொர்க்கை நாடுவதில்லை. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ப்ளூடூத்தையும் அணைத்துவிட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். வாட்ச்சில் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், அது தானே டவரைத் தேடத் தொடங்கும். விதிப்படி இது கூடாது, போகட்டும் என்று விட்டாலும், கிடைக்காத சிக்னலைத் தேடுவதைப் போல பேட்டரியைக் கரைப்பது வேறெதுவும் இல்லை. வழக்கத்தைவிட வேகமாக சதவீதம் இறங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. ஐபோனில் உள்ள வாட்ச் ஆப்பில் General, அதில் Airplane Mode, அதற்குள் Mirror iPhone. இதை ஆன் செய்து வைத்தால் ஒன்றில் ஃப்ளைட் மோட் போட்டதும் மற்றதிலும் விழுந்துவிடும். ஆனால் அணைக்கும்போது இரண்டிலும் தனித்தனியாகத்தான் அணைக்க வேண்டும். தரையிறங்கிய பிறகு போனுக்கு அழைப்பு வருகிறது, வாட்ச் மட்டும் சரியாக இயங்கவில்லை என்றால், வாட்ச் முகப்பின் மேலே விமானச் சின்னம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிறுவன வாட்ச்களில் சில, ஃப்ளைட் மோடில் ப்ளூடூத்தையும் சேர்த்தே அணைத்துவிடும். அவற்றில் ஊர் நேரம் மாற வேண்டுமானால் போனோடு மறுபடி இணைய வேண்டும்.

இப்போது ரயில். இரவு பத்து மணிக்குச் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி சேர ஏறத்தாழ 33 மணி நேரம். 18 மணி நேர வாட்ச் மறுநாள் மாலையே நின்றுவிடும். ஃப்ளைட் மோட் இங்கே பெரிதாக உதவாது. போன் பக்கத்திலேயே இருப்பதால் வாட்ச்சின் ரேடியோ ஏற்கெனவே குறைவாகத்தான் உழைக்கிறது. மேலும் Mirror iPhone ஆனில் இருந்தால் போனும் ஃப்ளைட் மோடுக்குப் போய், வீட்டிலிருந்து வரும் அழைப்பே கிடைக்காமல் போய்விடும். Low Power Mode போட்டால், முழு சார்ஜில் ஏறியவருக்கு 36 மணி நேரக் கணக்கில் டெல்லிவரை வரும், ஆனால் மட்டுமட்டாக. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, பேட்டரி சதவீதத்தைத் தொட்டால் இது கிடைக்கும். Turn On For-இல் ஒன்று முதல் மூன்று நாள்வரை நிர்ணயிக்கலாம்.

இதற்கு நாம் கொடுக்கும் விலையைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். எப்போதும் தெரியும் திரை அணைவது பரவாயில்லை. இதயத் துடிப்பைப் பின்னணியில் அளப்பது நின்றுவிடும். துடிப்பு மிக அதிகம், மிகக் குறைவு, ஒழுங்கற்றது என்று வரும் எச்சரிக்கைகளும் நின்றுவிடும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் பயணிக்கும் அப்பா அம்மாவுக்கு அந்த எச்சரிக்கைக்காகவே வாட்ச் வாங்கிக் கொடுத்திருப்போம். அவர்களுக்கு இந்த மோடை நான் ஒருபோதும் போட்டுவிட மாட்டேன். ரயிலிலும் அவர்கள் பையில் சார்ஜரும் பவர் பேங்கும் வைத்தனுப்புவதே சரி. சாப்பிடும் நேரத்தில் கழற்றி சார்ஜில் போட்டால் போதும்.

இரண்டையும் ஒன்றாகப் போடுவது எப்போது? சார்ஜ் பாதிக்கும் கீழே இருக்கும்போது நீண்ட விமானம் ஏற நேர்ந்தால் மட்டும். பேட்டரி 80 சதவீதம் ஏறியதும் Low Power Mode வழக்கமாகத் தானே விலகிவிடும். நாள் கணக்கு வைத்துப் போட்டிருந்தால் அந்தக் கெடு முடியும்வரை தொடரும். முகப்பின் மேலே மஞ்சள் வட்டம் தெரிந்தால் அது இன்னும் ஓடுகிறது.