புகைப்படத்திலிருந்து மாடல் ஷீட்: கிரிட்டாவும் பிளெண்டரும் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

சிறிய அளவிலான வீடியோ கேம்களுக்குக் கதாபாத்திரம் செய்து கொடுப்பது என் பகுதிநேர வேலை. ஒருவரின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, அவரை முன்புறத் தோற்றத்திலும் பக்கவாட்டுத் தோற்றத்திலும் ஒரே அளவில் வரைந்து, அந்த மாடல் ஷீட்டைப் பின்னணியில் நிறுத்தி முப்பரிமாண உருவம் அமைப்பதுதான் அதில் பெரும்பகுதி. வரைவதற்குக் கிரிட்டா, உருவம் அமைப்பதற்குப் பிளெண்டர் என்று சில ஆண்டுகளாக இந்த இரண்டையே பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் இலவசம், இரண்டின் மீதும் எனக்குப் பெரிய குறை இல்லை. ஷீட் தவறிப்போகும்போது பெரும்பாலும் காரணம் மென்பொருளாக இருப்பதில்லை. புகைப்படம் எடுத்த விதத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது என்பதால், அதிலிருந்தே சொல்கிறேன்.

மாடல் ஷீட் என்பது ஆர்த்தோகிராஃபிக் படம். அதில் அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியக் கூடாது. கேமராவோ அப்படித்தான் பார்க்கும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழத்தில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சென்டிமீட்டர் தூரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுத்த படத்தில், காதுடன் ஒப்பிட்டால் மூக்கு சுமார் 24 விழுக்காடு பெரிதாக விழும். 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதே வேறுபாடு 4 விழுக்காடாகக் குறைந்துவிடும். செல்ஃபியை வைத்து வரைந்த முகம் முன்புறத்தில் சரியாகவும், பக்கவாட்டில் எவ்வளவு முயன்றும் பொருந்தாமலும் போவதற்கு இதுதான் காரணம். முழு உருவத்துக்கு நான் 5 மீட்டர் தூரம் கேட்கிறேன். பெரிதாக்குவதற்காக 2x வைத்துக்கொள்ளலாம். அருகில் இருப்பது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது தூரம்தானே தவிர, ஜூம் அல்ல. கைப்பேசி இடுப்பு உயரத்தில், முன்னும் பின்னும் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆள் சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்று கைப்பேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கால்கள் குறுகத் தொடங்கிவிடும்.

இவ்வளவு பார்த்தும் ஒரு பிசகு மீதி இருக்கும். அது பாதத்தில் தெரியும். 1 மீட்டர் உயரத்தில், 5 மீட்டர் தூரத்தில் இருக்கும் கேமராவுக்குக் கணுக்காலைவிடக் கால்விரல் நுனி சுமார் 18 சென்டிமீட்டர் அருகில் இருக்கிறது. அதனால் முன்புறப் படத்தில் விரல் நுனி, கணுக்காலுக்கு நேர் கீழே இருக்கும் தரையைவிட ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தாழ்வாக விழுகிறது. பக்கவாட்டுப் படத்திலோ பாதம் முழுவதும் ஒரே கோட்டில் தரையைத் தொடும். முன்புறப் படத்தில் கண்ணுக்குத் தெரியும் மிகக் கீழான புள்ளியைத் தரைக்கோடு என்று எடுத்துக்கொண்டால், கணுக்காலிலிருந்து மேல் நோக்கி எல்லா உறுப்புகளும் அந்த 4 சென்டிமீட்டர் பிசகோடு நிற்கும். முழங்காலில்தான் பலர் இதைக் கவனிக்கிறார்கள். ஆகவே இரண்டு படங்களையும் கணுக்கால் எலும்பையும் உச்சந்தலையையும் வைத்துப் பொருத்திவிட்டு, முன்புறப் பாதத்தைப் பக்கவாட்டிலிருந்து கிடைத்த தரைக்கோட்டுக்கு ஏற்றபடி புதிதாக வரைவதே என் வழக்கம்.

அண்மையில் என் அத்தை மகன், தானும் நண்பர்களும் சேர்ந்து செய்யும் சிறிய கேமில் தன் உருவத்தையே கடைக்காரராக வைக்க விரும்பி, சட்டையும் வேட்டியுமாக நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். முன்புறப் படம் ஒன்று மட்டுமே இருந்தால், பக்கவாட்டில் உயரங்கள் அத்தனையும் கிடைத்துவிடும், ஆழம்தான் கிடைக்காது. அப்போது சில பொது அளவுகளை நம்பியே வரைய வேண்டியிருக்கிறது: பக்கவாட்டில் தலையின் ஆழம் அதன் உயரத்தைவிடச் சற்றே குறைவு, காது தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் நிற்கும், பாதத்தின் நீளம் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையிலான நீளத்துக்கு ஏறக்குறையச் சமம். கழுத்து செங்குத்தாக இறங்காது, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். இப்படி வரைந்தால் மனித உருவம் ஒன்று வரும். அந்த ஆள் வருவாரா என்பது வேறு விஷயம். மூக்கின் நீட்சியும் முகவாயும் தொப்பையும் யாருக்கும் சராசரியாக அமைவதில்லை. ஆகவே, அதே இடத்தில் அதே தூரத்தில் பக்கவாட்டாகத் திரும்பி நின்று இன்னொரு படமும், கைகளை உடலிலிருந்து சுமார் 45 பாகை விலக்கிய ஏ-போஸில் முன்புறப் படமும் எடுத்து அனுப்பச் சொன்னேன். தொங்கவிட்ட கையைக் கிரிட்டாவில் தோளோடு சுழற்றி விலக்குவதும் முடியும்தான். ஆனால் கையை உயர்த்தும்போது தோளும் கூடவே எழும்புவதால், சுழற்றிய கை ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

கிரிட்டாவில் 4096 × 2048 பிக்சல் பரப்பை எடுத்து, இடப்பாதியில் முன்புறமும் வலப்பாதியில் பக்கவாட்டும் வைக்கிறேன். உச்சந்தலை, கண், மூக்கடி, முகவாய், தோள், அக்குள், தொப்புள், கவட்டை, முழங்கால், கணுக்கால், தரை என்று இரண்டு பாதிகளையும் கடந்து போகும் கிடைக்கோடுகளை, கைடு வசதியை நம்பாமல், தனி லேயரில் மெல்லிய வண்ணத்தில் வரைந்து பூட்டிவிடுவேன். கைடுகள் ஏற்றுமதி செய்த படத்தில் வராது. வரைந்த கோடுகள் பிளெண்டர் வரைக்கும் கூட வரும். எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை அங்கே சொல்வது அவைதான்.

கேமின் பாணிக்கேற்ப உடலின் விகிதத்தை மாற்றுவதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். அத்தை மகனின் உருவம் 1800 பிக்சல் உயரத்தில் நின்றது; தலை 240 பிக்சல், அதாவது ஏழரைத் தலை உயரம். அவர்கள் கேட்டது ஆறு தலை. மொத்த உயரம் மாறாமல் இருக்கத் தலை 300 பிக்சல் ஆக வேண்டும். கூடுகிற 60 பிக்சலைக் கால்களிலிருந்து எடுக்க வேண்டும். இதை முன்புறத்துக்குத் தனியாகவும் பக்கவாட்டுக்குத் தனியாகவும் செய்தால் கோடுகள் கட்டாயம் விலகும். எனவே, இரண்டு தோற்றங்களையும் ஒரே லேயரில் சேர்த்துவிட்டு, கவட்டைக்கோட்டிலிருந்து கணுக்கால்கோடு வரை பரப்பின் முழு அகலத்துக்கும் ஒரே பட்டையாகத் தேர்வு செய்து, Ctrl+T கொடுத்து உயரத்தில் மட்டும் 60 பிக்சல் சுருக்கினேன். பிறகு கணுக்காலுக்கு மேலே உள்ள அத்தனையையும் அதே அளவு கீழே இறக்கினேன். தலையை மட்டும் இரண்டு தோற்றத்திலும் முகவாயை நிலையாக வைத்து, இரண்டு திசைகளிலும் 125 விழுக்காடு பெரிதாக்கினேன். கிரிட்டாவின் டிரான்ஸ்ஃபார்ம் கருவி எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்ய இடம் தருவது இந்த வேலையில் பெரிய உதவி. பழைய மடிக்கணினியில் இந்தப் பரப்பில் லேயர்கள் கூடினால் தூரிகை பின்தங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிளெண்டருக்குக் கொண்டுபோகும்போது இரண்டு பாதிகளையும் 2048 × 2048 சதுரமாகவே வெட்டி ஏற்றுமதி செய்யுங்கள். பிளெண்டர், படத்தின் நீண்ட பக்கத்தை வைத்தே அதன் அளவைத் தீர்மானிக்கிறது. கைகளை விரித்த முன்புறப் படம் உயரத்தைவிட அகலமாகவும், பக்கவாட்டுப் படம் ஒடுக்கமாகவும் இருந்தால், ஒரே Size கொடுத்தாலும் இரண்டு ஆள்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்பார்கள். Numpad 1 அழுத்தி முன்புறத்தையும், Numpad 3 அழுத்திப் பக்கவாட்டையும் `Add > Image > Reference` வழியாகச் சேர்க்கிறேன். ஆள் 1.7 மீட்டர் உயரம் வர வேண்டுமானால் Size இரண்டுக்கும் 1.934, அதாவது 1.7 ஐ 2048 ஆல் பெருக்கி 1800 ஆல் வகுத்தால் வருவது. Numpad 3 தோற்றத்தில் உருவம் திரையின் இடப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், ஏனென்றால் பிளெண்டரில் கதாபாத்திரம் வழக்கமாக −Y திசையைப் பார்க்கிறது. ஷீட்டில் வலப்பக்கம் பார்க்க வரைந்திருந்தால், ஏற்றுமதிக்கு முன்பே திருப்பிக்கொள்ளுங்கள்.

உருவம் பாதி அமைத்து மிரர் மாடிஃபையர் போட்டதும், முகத்தின் இடப்பாதியே வலப்பாதியாகவும் வந்துவிடுகிறது. அத்தை மகன் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது நான் இல்ல, எனக்கு ஒரு தம்பி இருந்தா இப்படி இருப்பான்” என்றான். அவன் சொன்னது சரிதான். யாருடைய முகமும் இருபுறமும் ஒத்திருப்பதில்லை. அடையாளம் அந்த வேறுபாட்டில்தான் ஒளிந்திருக்கிறது. அதற்காக முழு முகத்தையும் சமமற்று வரைந்தால் மாடல் செய்பவருக்கு வேலை இரட்டிப்பாகும். நான் கண்டுகொண்ட நடுவழி, அடிப்படை உருவத்தை இருபுறமும் சமமாக வைத்து, தலைவகிடு, ஒரு புருவத்தின் ஏற்றம், சட்டையின் இடப்பை, வேட்டியின் மேல்முனை ஆகியவற்றை மட்டும் ஷீட்டில் தனி லேயராகக் காட்டுவது. அத்தை மகனுக்குப் புருவத்தையும் வகிட்டையும் திருத்தியதே போதுமானதாக இருந்தது. வேட்டிக்கு மட்டும் முன்புறமும் ஒரு பக்கமும் போதவில்லை. மேல்முனை ஒரு பக்கத்தில்தான் விழுகிறது என்பதால், இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக வரைந்தேன்.

இந்த முறையின் உண்மையான எல்லை கன்னத்தில் இருக்கிறது. முன்புறக் கோட்டோடும் பக்கவாட்டுக் கோட்டோடும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் முகம், சற்றே திருப்பிப் பார்த்தால் பெட்டிபோலச் சப்பையாகத் தெரியும். கன்ன எலும்பும் தாடையின் திருப்பமும் இரண்டு தோற்றங்களிலும் விளிம்பில் வருவதே இல்லை. ஷீட் அவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால் முக்கால் பக்கமாகத் திரும்பிய புகைப்படம் ஒன்றையும் வாங்கிக்கொள்கிறேன். அதை ஷீட்டில் சேர்ப்பதில்லை. பிளெண்டரில் ஒரு கேமராவை அதே 5 மீட்டர் தூரத்தில் நிறுத்தி, அந்தப் படத்தைக் கேமராவின் பின்னணியில் வைத்து, கன்னத்தின் விளிம்பு அதனோடு ஒட்டும்வரை தள்ளுகிறேன். மேலும் கீழுமாகத் தள்ளாமல், ஆழத்தில் மட்டும் தள்ளினால் ஷீட்டின் கோடுகள் கெடுவதில்லை.