ஈ-மதிப்புடன் ஆறு ஆண்டுகள்: 2.97 சொன்னதும் சொல்லாததும்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுப் பிரிவில் புள்ளியியல் கணக்குப் போடுவது என் வேலை. வாண்டர்வீலும் டிங்கும் 2017இல் முன்வைத்த ஈ-மதிப்பை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் அதைத் தவறாகவே பயன்படுத்தினேன்.

அது கேட்கும் கேள்வி எளிது. நாம் அளக்காமல் விட்ட ஒரு காரணிதான், அதாவது ஒரு மறைகாரணிதான், இந்த முடிவை உண்டாக்கியது என்றால், அது எவ்வளவு வலுவாக இருந்திருக்க வேண்டும்? மருந்து எடுப்பவர்களின் நோய் இடரை எடுக்காதவர்களின் இடரால் வகுத்தால் கிடைப்பது சார்பு இடர் RR. அது ஒன்றைவிடக் கூடுதலாக இருந்தால் ஈ-மதிப்பு RR + √(RR × (RR − 1)). ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் முதலில் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் எடுத்துக்காட்டும் கதை அமெரிக்கச் செவிலியர் கோஹார்ட் ஆய்வு. மாதவிடாய் நின்ற 48,470 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1991இல் வெளியான முடிவு இது: ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடுமையான இதயத் தமனி நோய்க்கான சார்பு இடர் 0.56, நம்பிக்கை இடைவெளி 0.40 முதல் 0.80 வரை.

```r
library(EValue)
evalues.RR(est = 0.56, lo = 0.40, hi = 0.80)
```

முடிவு 2.97. ஒன்றுக்கு நெருக்கமான எல்லையான 0.80க்கு 1.81.

தேக்காவில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டினேன். “அண்ணே, மூன்று மடங்கு வலுவான மறைகாரணியா? அப்படி எதுவும் இருக்காது, முடிவு உறுதிதான்” என்றார். எழுந்து ‘தே ஓ கோசோங்’ வாங்கி வரப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் தட்டுக்கடியில் கிடந்த தாளில் ஒரு கணக்குப் போட்டு வைத்தேன்.

மருந்து எடுப்பவர்களிடையே இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்படும் ஒரு நற்பண்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே பண்பு இதய நோயையும் பாதியாகக் குறைக்கட்டும். இவை இரண்டும் சேர்ந்து முடிவை அதிகபட்சம் எவ்வளவு நகர்த்தலாம்? (2 × 2) / (2 + 2 − 1), அதாவது 1.33 மடங்கு. அப்போது 0.56 என்பது 0.75 ஆகிறது. மேல் எல்லையான 0.80 சுமார் 1.07 ஆகி ஒன்றைத் தாண்டிவிடுகிறது. 2.97ஐப் பார்த்து நிம்மதி அடைந்தவர், 1.81ஐக் கவனிக்கவில்லை.

2004இல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்த குலுக்கல் முறைப் பரிசோதனையில் இதயத் தமனி நோய்க்குக் கிடைத்த விகிதம் 0.91, இடைவெளி 0.75 முதல் 1.12 வரை. நிரலில் true = 0.91 என்று சேர்த்தால், 0.56ஐ அங்கே கொண்டுசெல்ல வேண்டிய மறைகாரணியின் வலிமை 2.63 என்று வருகிறது. ஆனால் இரு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மறைகாரணி மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகள் கழித்து மருந்து தொடங்கினார்கள் என்பதில் இரு ஆய்வுகளும் வேறுபட்டன. கோஹார்ட்டில் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களே கணக்கில் வந்தார்கள். தொடங்கிய உடனே பாதிக்கப்பட்டவர்கள் அதில் விடுபட்டிருக்கலாம். ஈ-மதிப்பு இவற்றைப் பற்றி வாயே திறக்காது.

இன்னொரு சங்கதியைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. 2.97 என்பது ஒரு வளைகோட்டின் ஒற்றைப் புள்ளி. இரண்டு தொடர்புகளும் சமமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். மருந்துடன் உள்ள தொடர்பு 2 மட்டுமே என்றால், நோயுடன் உள்ள தொடர்பு 8.3 மடங்கு இருந்தாக வேண்டும். அந்த வலிமையும், வயது, புகைபிடித்தல் என்று ஏற்கெனவே சரிசெய்த காரணிகளுக்கு மேலாக இருக்க வேண்டியது. சரிசெய்யாத தொடர்புகளோடு ஒப்பிட்டு “பரவாயில்லை” என்று நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வரிகளைப் படிக்கக் கூசுகிறது.

என் பெரிய சறுக்கல் வேறு. மறுபடியும் மருத்துவமனையில் சேருவது போன்ற அடிக்கடி நிகழும் விளைவுக்கு வாய்ப்பு விகிதம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே சார்பு இடராக இட்டால் ஈ-மதிப்பு 5.45. அடிக்கடி நிகழும் விளைவில் வாய்ப்பு விகிதம் சார்பு இடரை மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், வர்க்கமூலம் எடுத்து 1.73 ஆக்கிவிட்டுக் கணக்கிட்டால் 2.86தான். நிரலில் rare = FALSE என்று போட வேண்டிய இடத்தில் rare = TRUE என்று போட்டதால் வந்த வினை. ஒரு முன்வரைவில் இந்தப் பிழை மதிப்பீட்டாளர் வரை போய்த் திரும்பி வந்தது.

இப்போது எந்த அறிக்கையிலும் புள்ளி மதிப்பைத் தனியாக விடுவதில்லை. எல்லை மதிப்பையும் வளைகோட்டையும் சேர்த்து, நாங்கள் அளக்கத் தவறிய காரணி எது, அதன் வலிமை சுமாராக எவ்வளவு இருக்கக்கூடும் என்று பெயர் சொல்லி எழுதுகிறோம். அந்தப் பத்திக்குத்தான் வேலை அதிகம். மருத்துவர் மட்டும் இன்னும், “ஒரே எண்ணாகக் கொடுங்களேன், அண்ணே” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.