சாலா என்பவன் மச்சான் அல்லன்: வசைச்சொல்லை மொழிபெயர்ப்பதில் இரண்டு வழிகள்

கிழக்கு உத்தரப் பிரதேசத்து லாரித் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் இந்தி நாவலை அண்மையில் தமிழாக்கி முடித்தேன். அந்த நாவலில் ‘சாலா’ என்ற ஒரு வசைச்சொல் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் நேராகப் பெயர்ப்பதா, தமிழ் வாசகர் காதில் அதே விதமாக விழக்கூடிய வேறொரு சொல்லை இடுவதா என்ற கேள்வி முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. முதல் வழியில் பாதி நாவல் வரை சென்று, பிறகு அதைக் கைவிட்டு, இரண்டாம் வழியில் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதினேன். ஆகவே என் சாய்வு இரண்டாம் வழியான ஈட்டுச்சொல்லின் பக்கம்தான் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வழிகளும் ஒன்றாகிவிடும் இடங்களில் சிக்கல் எதுவும் இல்லை. ‘குத்தா’ என்றால் நாய், ‘கதா’ என்றால் கழுதை, ‘சூவர்’ என்றால் பன்றி. இந்தியில் திட்டுவதற்குப் பயன்படும் இந்த விலங்குகள் தமிழிலும் அதற்கே பயன்படுகின்றன. புள்ளி வைத்து மறைப்பது மூன்றாவது வழியாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தப் புள்ளிகளில் வாசகர் நின்று, மூலத்தில் இருப்பதைவிடக் கொச்சையான ஒன்றைத் தாமே நிரப்பிக்கொள்வார் என்பதால் அதை நான் கருதவில்லை. ‘சாலா’வை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடலாம் என்றார் ஒரு நண்பர். இந்திப் படங்களின் வழியே அந்தச் சொல் நமக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தி பேசுகிறவர் வாயில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல், தமிழ்ப் பக்கத்தில் எண்பது முறை அயல்மொழிச் சொல்லாகத் துருத்திக்கொண்டு நின்றால், அந்தச் சாதாரணத்தன்மைதான் முதலில் போய்விடும்.

நேர்ப்பெயர்ப்பு ஏன் தோற்றது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘சாலா’ என்றால் மனைவியின் உடன்பிறந்தவன். வட இந்திய வழக்கில் பெண் கொடுத்த வீடு தாழ்ந்தது, பெண் எடுத்த வீடு உயர்ந்தது. அதனால்தான் மனைவியின் சகோதரனுக்கு ‘சாலா’ என்றும், சகோதரியின் கணவனுக்கு ‘ஜீஜா’ என்றும் இரு வேறு பெயர்கள், இரு வேறு மதிப்புகள். யாரோ ஒருவனைச் ‘சாலா’ என்று விளிப்பவன், உன் தங்கையை நான் கொண்டவன், நீ எனக்குக் கீழே நிற்பவன் என்று சொல்லாமல் சொல்கிறான். தமிழ் உறவுமுறையில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அத்தை மகனும் மாமன் மகனும் மணம் கொள்ளத்தக்க முறையாக இருக்கும் சமூகத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும் நடந்துகொண்டே இருப்பதால், மனைவியின் சகோதரனும் மச்சான்தான், சகோதரியின் கணவனும் பல ஊர்களில் மச்சான்தான். உறவே இல்லாத நண்பனையும் ‘மச்சான்’ என்று தோளில் கைபோட்டு அழைக்கிறோம். அகராதிப்படி சரியாக இருக்கும் அந்தச் சொல், வசை என்ற அளவில் நேர் எதிரானதாகிவிடுகிறது.

நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. விடியற்காலை, சாலையோரத் தாபா. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்கும் கிளீனர் பையனை, ஓட்டுநர் டயரில் ஓர் உதைவிட்டு எழுப்புகிறார்: ‘அபே சாலே, உட்!’ பையன் கண்ணைத் திறக்காமலேயே சிரித்து, இன்னும் ஐந்து நிமிடம் என்கிறான். நான் முதலில் ‘டேய் மைத்துனா, எழுந்திரு’ என்று எழுதினேன். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் அந்த வரியின் ஓரத்தில், ‘இவர் அவன் அக்காளைக் கட்டியவரா?’ என்று பென்சிலால் எழுதி அனுப்பினார். இல்லாத உறவு ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்பது அந்த ஒரு வரியில் தெளிவாயிற்று. அதன் பிறகு ‘நாயே’ என்று மாற்றினேன். அதுவும் பொருந்தவில்லை, அப்படி அழைக்கப்பட்ட பையன் சிரித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்க மாட்டான். வசைச்சொல்லின் கனத்தை அகராதி காட்டாது, அதைக் கேட்டவன் அடுத்து என்ன செய்கிறான் என்பதுதான் காட்டும் என்பதை அந்த வரியை வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன். கடைசியில் ‘டேய் எருமை, எழுந்திருடா!’ என்று அமைந்தது.

இது ஓர் இடத்துக்கான தீர்வு மட்டும்தான். இடத்துக்கு ஒரு சொல்லாக மாற்றிக்கொண்டே போகலாமா என்பதுதான் எனக்கு முடிவான கேள்வியாக இருந்தது. அதே நாவலின் பதினோராம் அத்தியாயத்தில், காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஓட்டுநரைப் பார்த்து ஒரு காவலர் ‘அபே சாலே, உட்!’ என்கிறார். ஓட்டுநர் எழுந்து கைகட்டி நிற்கிறார். மூலத்தில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரி. கிளீனர் பையனுக்கு மேலிருந்து விழுந்த சொல் இப்போது ஓட்டுநர் மேல் விழுகிறது என்பதை இந்தி வாசகர் யாரும் சொல்லாமலேயே உணர்ந்துகொள்வார். நானோ, காவலர் வாயில் ‘நாயே’ என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது என்பதால், முதலில் அதையே எழுதிவைத்திருந்தேன். தனித்தனியே பார்த்தால் இரண்டு வரிகளும் நல்ல தமிழ். சேர்த்துப் பார்த்தால் எட்டு அத்தியாயங்களைத் தாண்டி ஆசிரியர் கட்டியிருந்த இணைப்பு அறுந்துபோயிருந்தது.

நான் காப்பாற்ற வேண்டியது அந்தச் சொல்லின் நெகிழ்ச்சி என்பது அப்போதுதான் பிடிபட்டது. செல்லமாகவும் சொல்லலாம், இழிவாகவும் சொல்லலாம், எது என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் தீர்மானிப்பார்கள் என்பதே ‘சாலா’வின் குணம். தமிழில் ‘எருமை’க்கு அந்த நெகிழ்ச்சி உண்டு. பள்ளிக்குக் கிளம்பாத பிள்ளையை அம்மா ‘எருமை மாடே’ என்றால் பிள்ளைக்குக் கோபம் வருவதில்லை. அதையே அதிகாரத்தில் இருப்பவர் நாலு பேர் நடுவில் வயதானவரைப் பார்த்துச் சொன்னால் அவர் கூசிப்போவார். ஆகவே காவலரின் வரியையும் ‘டேய் எருமை, எழுந்திருடா!’ என்றே ஆக்கினேன். சொல் மாறவில்லை, பையன் சிரித்தான், ஓட்டுநர் கைகட்டினார். கோபத்தைச் சுமக்கும் வேலையில் பாதியை ‘டா’ பார்த்துக்கொள்கிறது. ‘நீ’ என்று பொருள்படும் இந்தியின் ‘தூ’வும், ‘டேய்’ போன்ற ‘அபே’யும் செய்வதைத் தமிழில் ஒருமையும் ‘டா’வும் செய்துவிடுவதால், வசைச்சொல்லையே மேலும் கடுமையாக்க வேண்டிய தேவை பல இடங்களில் இருக்கவில்லை. யாரையும் விளிக்காமல் வெறும் சலிப்பாக வரும் இடங்கள் மட்டும் தனி. ‘சாலா, என்ன வெயில்’ என்பது ‘சனியன் பிடித்த வெயில்’ ஆனது.

ஈட்டுச்சொல்லுக்கும் ஒரு விலை உண்டு. அதைப் புத்தகம் முழுவதும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ் வசைகளில் பெரும்பாலானவை ஓர் ஊரையோ ஒரு சாதியையோ கையோடு கூட்டி வருகின்றன. ‘கஸ்மாலம்’ என்று எழுதினால் ஓட்டுநர் அந்தக் கணமே வடசென்னைக்காரர் ஆகிவிடுவார். ‘ஏலே’ என்றால் நெல்லைக்காரர். ‘பேமானி’யில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: அதன் வேரான ‘பேயீமான்’ இந்தியில் இன்றும் நேர்மையற்றவன் என்ற பொருளில் வழங்குவதால் பொருத்தம்போலத் தோன்றும், ஆனால் சென்னை வழக்கில் அது பொதுவான வசையாகிவிட்டது. சாதிப் பெயரை ஒட்டி உருவான வசைகளை நான் தொடவே இல்லை; மூலத்தில் இல்லாத சாதி இழிவை மொழிபெயர்ப்பாளர் தம் கையால் சேர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. ‘தேவடியாள்’ என்ற சொல்லையும் இதே காரணத்தால் விலக்கினேன். சோழர் கல்வெட்டுகளில் மதிப்போடு பொறிக்கப்பட்ட ‘தேவரடியார்’ என்ற பெயர் வசையாகத் தேய்ந்த வரலாறு தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு உரியது. லாரிப்பேட்டையில் இரண்டு இந்திக்காரர்கள் போடும் சண்டையில் அதற்கு இடமில்லை. நாவலில் ஒரு கிழவி மருமகளை ‘ராண்ட்’ என்று ஏசுகிறாள். அந்தச் சொல்லின் மூலப்பொருள் கைம்பெண் என்பது. தமிழின் ‘முண்டை’க்கும் அதே பொருள், அதே கொடுமை, அங்கே நேர்ப்பெயர்ப்பும் ஈடும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

நேர்ப்பெயர்ப்பே வெல்லும் இடமும் இருக்கிறது. ‘ஹராம்ஸாதா’ என்றால் விலக்கப்பட்ட உறவில் பிறந்தவன். அன்றாடப் பேச்சில் வெறும் அயோக்கியன். இரண்டாம் அத்தியாயத்தில் அண்டை வீட்டார் கிளீனர் பையனை இப்படித் திட்டுவதை ‘பொறுக்கி’ என்று எழுதிக் கடந்துவிட்டேன். பிற்பகுதியில் அவன் பிறப்பைப் பற்றிய உண்மை வெளிவரும்போது, அந்தப் பழைய வசையை அவன் நினைத்துக்கொள்கிறான். ‘பொறுக்கி’யை நினைத்து அவன் எதற்கு அழ வேண்டும்? திரும்பிச் சென்று ‘அப்பன் பேர் தெரியாதவனே’ என்று திருத்தினேன். இப்போது எந்த நாவலைத் தொடங்கினாலும், முழுவதையும் படித்து, ஒவ்வொரு வசைக்கும் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்கிறேன்: யார் சொன்னது, யாரிடம், கேட்டவர் அடுத்து என்ன செய்தார், சொல்லின் நேர்ப்பொருள் பின்னால் எங்காவது திரும்பி வருகிறதா. கடைசிக் கட்டத்தில் ‘ஆம்’ என்று விழும் சொற்களை மட்டும் நேர்ப்பொருளிலேயே வைக்கிறேன். இந்த நாவலில் அப்படி மூன்றுதான் விழுந்தன.

தாயைச் சுட்டும் வசைகளில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. தமிழில் அதற்கு நேர்ச்சொல்லே இருக்கிறது, ‘தாயோளி’. ஆனால் இந்தியில் நண்பர்கள் வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொள்ளும் சொல், தமிழில் அச்சேறும்போது பல மடங்கு கனத்துவிடுகிறது. கைகலப்புக் காட்சிகளில் அப்படியே வைத்தேன், அரட்டைகளில் குறைத்தேன். குறைத்தது சரிதானா என்பதை இன்னும் ஓரிரு நாவல்கள் செய்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

திருமணக் காட்சியில்தான் இரண்டு வழிகளும் கைகொடுக்கவில்லை. கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டுப் பெண்கள் வசைபாடி வரவேற்கும் ‘காரி’ப் பாட்டுகள் உண்டு. நம் ஊர்ச் சம்பந்தி ஏசல் பாட்டுகளின் சந்தத்தில் அவற்றை ஓரளவு கொண்டுவர முடிந்தது. ஆனால் விருந்து முடிந்ததும் மாப்பிள்ளை எழுந்து, பெண்ணின் அண்ணனைப் பார்த்து ‘சாலே சாஹிப்’ என்று சிரிக்கிறான். அது உறவும் மரியாதையும் வசையும் ஒரே மூச்சில் வரும் விளிப்பு. அண்ணனின் முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு அவனும் சிரிக்கிறான். ‘மச்சினரே’ என்று எழுதினேன். அந்த முகச்சுருக்கத்துக்குக் காரணம் தமிழில் தெரியாது. பெண்ணைக் கொடுத்தவன் என்ற நினைப்பு அவனுக்கு அப்போது வந்தது என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று பல நாள் யோசித்தேன். ஆசிரியர் எழுதாத வரி என்பதால் சேர்க்கவில்லை. ‘மச்சினரே’ என்றே அச்சாகியிருக்கிறது.