கேஸ்ட்ரிக் மாத்திரையை நிறுத்தினால் வரும் எரிச்சலை "வியாதி முத்திப் போச்சு" என்கிறார்கள், கவனம்

பேராக்கில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். கிளினிக் பெயர் வேண்டாம், அது எனக்கு முக்கியமில்லை. எங்கள் தாமானில் எந்த வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தாலும் கேஸ்ட்ரிக் மாத்திரை போட்ட அந்தச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா செம்பனைக் குலை வெட்டினவர். முட்டி வலிக்கு அந்த கிளினிக்கில் டைக்லோஃபெனாக் கொடுத்தார்கள், கூடவே ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் காலை ஒன்று ராத்திரி ஒன்று. அதில் தப்பே இல்லை, அந்த வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், வயதானவர்களுக்கு ரத்தக் கசிவு வரைக்கும் கொண்டுபோகும், அதற்குத் துணையாக ஒமெப்ரசோல் கொடுப்பது முறைதான். ஆனால் வலி மாத்திரையை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கேஸ்ட்ரிக் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை பிரஷர் பார்க்கப் போகும்போதும் அதே பாக்கெட், மேலே பேனாவில் "கேஸ்ட்ரிக், காலை 1, இரவு 1", அவ்வளவுதான். மருந்தின் பெயரும் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்பதும் இல்லை. நம் ஊரில் மருத்துவரே மருந்தும் விற்கிறார், அதனால் எதற்கு இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று இடையில் நின்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போகிறது.

அப்புறம் ஒரு நாள் அங்கே புதிதாக வந்த மருத்துவர், "இது இனி வேண்டாம் அங்கிள், நாளையிலிருந்து நிறுத்திடுங்க" என்றார். நிறுத்தச் சொன்னதும் நியாயம்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது.

முதல் ஓரிரு நாள் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நெஞ்செரிச்சல் பிடித்தது பாருங்கள், மாத்திரையே சாப்பிடாத காலத்தில் கூட அவருக்கு அப்படி வந்ததில்லை. புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி, படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினார். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால் அன்று இருந்தவர் வேறு மருத்துவர், "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாம உங்களால இருக்க முடியாது, வியாதி முத்திப் போச்சு, இனி ஆயுசுக்கும் சாப்பிடணும்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டு, 40 மில்லிகிராமை இரண்டு வேளை எழுதி, வயிற்றைச் சுத்தம் பண்ணுமாம், ஒரு டப்பா பவுடரையும் கையில் கொடுத்தார். பில் இருநூறு ரிங்கிட்டைத் தாண்டியது. மலம் கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா, விழுங்கும்போது அடைக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கூடக் கேட்கவில்லை, அந்த ஒரு கேள்வியில்தான் பதில் முழுக்க இருந்தது.

அந்தப் பையைப் பிரிக்காமல் அப்படியே அரசாங்க கிளினிக்குக்கு எடுத்துப் போனோம். மருத்துவர் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்த பிறகு, மருந்துக் கவுண்டரில் இருந்த பார்மசிஸ்ட் பெண் அப்பாவை உட்கார வைத்து விளக்கினார். "ஐயா, இது புது வியாதி இல்லை. மருந்தை எடுத்துட்டதால உங்க வயிறு கொஞ்ச நாளைக்கு அதிகமா ஆசிட் சுரக்குது." அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

இரைப்பையின் சுவரில் ஆசிட்டை வெளியே தள்ளும் சின்னச் சின்னப் பம்புகள் இருக்கின்றன. ஒமெப்ரசோல், பாண்டோபிரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அந்தப் பம்புகளைப் பூட்டிப் போடும் மருந்துகள். ஆசிட் குறைந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்ததும், இன்னும் சுர என்று சொல்லும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. மாதக்கணக்கில் அது ஏறியே இருந்தால், ஆசிட்டைத் தூண்டிவிடும் செல்களும் பெருகிவிடுகின்றன. மருந்து இருக்கும் வரை பூட்டு இருப்பதால் எதுவும் தெரியாது. நிறுத்தினதும் சில நாளில் உடம்பு புதுப் பம்புகளைச் செய்துகொள்கிறது, பெருகின செல்கள் அடங்கவோ வாரக்கணக்கில் ஆகிறது. நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் முன்பு இல்லாத அளவுக்கு ஆசிட் கொட்டுகிறது. முதல் ஓரிரு நாள் அப்பா சும்மா இருந்ததற்கும் அதுதான் காரணம், பூட்டு அப்போது இன்னும் முழுதாகக் கழலவில்லை.

இது வியாதி இல்லாதவர்களுக்கும் வரும். டென்மார்க்கில் நடந்து 2009ல் வெளிவந்த ஒரு ஆய்வில், வயிற்றுத் தொல்லையே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் கொடுத்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். அடுத்த நான்கு வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் மாதிரித் தொல்லை வந்தது. ஆரம்பத்திலிருந்தே வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்தான். ஒன்றுமில்லாத வயிற்றுக்கே எட்டு வாரத்தில் இப்படி என்றால், வருஷக்கணக்கில் சாப்பிட்டவர் எரிகிறது என்று வந்ததும் வியாதி முத்திவிட்டது என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

சரி, அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். ஏற்கெனவே அவதிப்பட்டுக்கொண்டிருந்ததால், 20 மில்லிகிராம் காலையில் மட்டும், பசியாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால், நான்கு வாரம். ராத்திரி வேளை அதோடு நின்றது. அடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், மேலும் சில வாரம், அப்புறம் முழுதாக நிறுத்தம். மாத்திரை இல்லாத நாட்களில் எரிந்தால் குடிக்க ஆல்ஜினேட் மருந்து கொடுத்தார்கள், சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும். அது இரைப்பையில் இருப்பதன் மேல் ஒரு படலமாக மிதந்து, ஆசிட் மேலே ஏறாமல் தடுக்கும். ராத்திரி ரொம்பக் கஷ்டமானால் மட்டும் ஃபாமோடிடின் 20 மில்லிகிராம், அதுவும் தினமும் வேண்டாம் என்றார், விடாமல் சாப்பிட்டால் கொஞ்ச நாளிலேயே அதன் வேகம் குறைந்துவிடுமாம். பிரஷர் உள்ளவர்களும் கிட்னி கோளாறு உள்ளவர்களும் ஆல்ஜினேட், ஆன்டாசிட் எதையும் கேட்காமல் வாங்கக் கூடாது, சிலவற்றில் உப்புச் சத்தும் சிலவற்றில் மெக்னீசியமும் இருக்கின்றன. அப்பாவுக்குப் பிரஷர் இருப்பதால் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஒரு விஷயம், அளவைக் குறைக்கிறேன் என்று மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டாதீர்கள். ஒமெப்ரசோல் கேப்சூலைத் திறந்து பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு. பாண்டோபிரசோலில் மாத்திரை முழுவதுக்கும் அந்தப் பூச்சு. அது உடைந்தாலோ மென்றாலோ வயிற்று ஆசிட்டிலேயே மருந்து கெட்டுப்போகும், சாப்பிட்டும் பலன் இருக்காது. குறைந்த மில்லிகிராம் மாத்திரையாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லை என்றால் நாள் விட்டு நாள்.

முழுதாக நிறுத்தின பிறகு வந்த முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். படிப்படியாகக் குறைத்தால் எரிச்சலே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் 2022 ஆலோசனை, ஒரேயடியாக நிறுத்துவதும் குறைத்து நிறுத்துவதும் இரண்டுமே செய்யலாம் என்றுதான் சொல்கிறது, ஆனால் இப்படித் தற்காலிக எரிச்சல் வரலாம் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. அந்தத் தனியார் கிளினிக்கில் சொல்லாமல் விட்டது அதைத்தான். முன்பே தெரிந்திருந்ததால் இரண்டாவது தடவை எரிந்தபோது அப்பா பயப்படவில்லை, ஆல்ஜினேட்டைக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டார், சம்பால் மத்தியானத்துக்கு மாறியது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு சாண் உயர்த்தினோம். தலையணையை அடுக்குவதால் பயனில்லை, வயிறுதான் மடங்கும், உடம்பு மொத்தமும் சரிவாக இருக்க வேண்டும். இடது பக்கம் படுத்தால் இன்னும் நல்லது.

காலண்டரில் எரிந்த நாளுக்கெல்லாம் அம்மா ஒரு புள்ளி வைத்தார். முதலில் தினமும் புள்ளி, பிறகு இடைவெளி விழுந்தது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு மட்டும். தற்காலிக எரிச்சல் அப்படித்தான் இறங்கும். நிறுத்தி இரண்டு மாதம் தாண்டியும் குறையாமல் அதே வேகத்தில் இருந்தால், நிஜமாகவே மருந்து தேவைப்படும் வயிறாக இருக்கலாம், மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முன்பு அல்சரில் ரத்தம் போனவர்கள், இதயத்துக்கு ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், இன்னமும் வலி மாத்திரை தொடர்பவர்கள், எண்டோஸ்கோபியில் உணவுக் குழாய் மோசமாகப் புண்ணாகியிருக்கிறது அல்லது அதன் உள்தோலே மாறி பாரெட் வந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், இவர்களுக்கு இந்த மாத்திரை காவல். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, அது நிறுத்தினதால் வரும் எரிச்சல் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோறு விழுங்கும்போது அடைத்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நெஞ்சு எரிச்சலோடு வியர்வை, இடது கை அல்லது தாடையில் வலி வந்தால் கேஸ்ட்ரிக் என்று படுத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

அடுத்த தடவை கிளினிக்கில் அந்தப் பாக்கெட்டை நீட்டினால் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் மேலே எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்காக ஆரம்பித்தது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, எத்தனை வாரத்துக்கு என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், எரிந்தால் என்ன குடிக்க வேண்டும், எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்றால் மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு பார்மசிஸ்டிடம் போங்கள். அந்தப் பவுடர் டப்பாவை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம், பணம் வரவில்லை.